ஃபார்மேட் கொடுக்கும் முன்

முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும் மாதங்களில், கல்யாண ஸ்டுடியோக்களில் நள்ளிரவை ஒட்டி இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"அண்ணே, காப்பி ஏறிடுச்சு. கார்டை ஃபார்மேட் பண்ணிடவா?"

"சைஸ் பாத்தியா?"

"பாத்துட்டேண்ணே. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

"அப்ப பண்ணிடு. காலைல நாலு மணிக்குக் கிளம்பணும்."

அண்ணன் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் போதாது. கோப்பின் அளவைப் பார்ப்பது மூட்டையின் எடையை மட்டும் பார்த்து வாங்குவதைப் போன்றது. உள்ளே இருப்பது மாறியிருந்தாலும் எடை மாறாமல் இருக்கலாம். 25 எம்பி உள்ள ஒரு புகைப்படத்தில் ஒரே ஒரு பைட் தவறாகப் பதிவானால் அளவு அதேதான், பெயர் அதேதான், தேதியும் அதேதான். திறந்து பார்த்தால்தான் படத்தின் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமோ வண்ணக் கோடுகளோ தெரியும். வீடியோவில் அந்தப் பிழை விழும் இடத்தைப் பொறுத்து ஒரு நொடி கட்டம் கட்டமாக உடையலாம், அல்லது கோப்பே திறக்காமல் போகலாம். ஆல்பம் வேலை தொடங்கும் மூன்றாம் வாரத்தில் இது தெரியவந்தால், கார்டில் அதற்குள் நான்கு கல்யாணங்கள் பதிவாகியிருக்கும்.

காப்பி முடிந்தது என்று கணினி சொல்வதற்கு என்ன பொருள்? வழியில் யாரும் தன்னிடம் பிழை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும் வேலையை விண்டோஸின் சாதாரண காப்பி செய்வதில்லை. கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரை தரவு பல கைகள் மாறுகிறது. கார்டு ரீடர், யூஎஸ்பி கேபிள், கணினியின் ரேம், மறுபடி ஒரு கேபிள், டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் சிறு சிப், கடைசியில் டிஸ்க். இவற்றில் பல இடங்களில் காவல் உண்டு. யூஎஸ்பி கேபிளில் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பிழை கண்டுபிடிக்கும் குறியீடு உண்டு. டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியிலும் பிழை திருத்தும் குறியீடு உண்டு. ஆனால் ஒரு காவல் முடிந்து அடுத்த காவல் தொடங்கும் இடைவெளியில், குறிப்பாக ரேமில் தரவு தங்கியிருக்கும் வேளையில், யாரும் பார்ப்பதில்லை. பிழை திருத்தும் ரேம் சர்வர்களில் இருக்கும். வீட்டிலும் ஸ்டுடியோவிலும் உள்ள சாதாரணக் கணினிகளில் பெரும்பாலும் இருக்காது. அங்கே ஒரு பிட் புரண்டால், அந்தத் தவறான பிட்டுக்கே புதிதாகச் சரியான குறியீடு போட்டு, பத்திரமாக டிஸ்க்கில் எழுதிவிடும்.

இது இன்று நேற்று தெரிந்த விஷயம் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்ஸர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் எழுதி 1984-ல் ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை கணினித் துறையில் இன்றும் பாடமாக வாசிக்கப்படுகிறது. அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் உதாரணமே ஒரு கோப்பைக் கவனமாக ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதுதான். தங்கள் கழகத்திலேயே நடந்த ஒன்றையும் அதில் சொல்கிறார்கள். அங்கே பல உள்வலைகளை இணைக்கும் இடைக்கணினிகள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் பொட்டலங்களுக்குச் செக்சம் சரிபார்ப்பு இருந்ததால், வழி முழுவதும் பாதுகாப்பானது என்று நிரல் எழுதுபவர்கள் நம்பிவிட்டார்கள். ஆனால் ஒரு இடைக்கணினிக்குள், வந்த தரவை உள்வாங்கும் இடத்திலிருந்து வெளியனுப்பும் இடத்துக்கு நகர்த்தும்போது, ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை ஒரு ஜோடி பைட்டுகள் இடம் மாறிக்கொண்டிருந்தன. வாசலில் நுழையும்போது சரி, வெளியேறும்போதும் சரி. தவறு நடந்தது உள்ளே. ஓர் இயங்குதளத்தின் மூலநிரல் கோப்புகள் பலமுறை அந்த இடைக்கணினி வழியாகப் போய்வந்ததில் சில கெட்டுப்போயின. கடைசியில் உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து, வரி வரியாக ஒப்பிட்டுக் கையால் திருத்த வேண்டியிருந்தது.

அவர்களிடம் அச்சுப் பிரதி இருந்தது. ஃபார்மேட் ஆன கார்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. நடுவழியில் எத்தனை காவல் இருந்தாலும், தொடங்கிய இடத்தில் ஒரு கணக்கும் முடிந்த இடத்தில் ஒரு கணக்கும் எடுத்து இரண்டையும் நேருக்கு நேர் பார்ப்பதே முழுமையான சோதனை என்பது அந்த மூவரின் வாதம். அதைச் செய்யும் கருவிதான் செக்சம்.

ஒரு கோப்பின் எல்லா பைட்டுகளையும் வரிசையாக வாங்கி, ஒரு கணித முறையில் பிசைந்து, குறிப்பிட்ட நீளமுள்ள ஒரே எண்ணாகத் தருவது செக்சம். எளிய கூட்டல் முறைகளும் உண்டு. ஆனால் கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறாது. எண்கள் இடம் மாறுகிற வகைப் பிழைகள் அதில் தப்பித்துவிடும். அதனால் ஷா-256 போன்ற வலுவான முறையைப் பயன்படுத்துவது நல்லது. கோப்பு ஒரு வரிக் கடிதமானாலும் 100 ஜிபி வீடியோவானாலும் அதன் விடை 64 இலக்க, எழுத்துக் கோவை ஒன்றுதான். ஒரே ஒரு பிட் மாறினாலும் கோவை முழுவதும் வேறாகிவிடும். இரண்டு கோப்புகளின் உள்ளடக்கம் தற்செயலாக வேறுபட்டும் கோவை ஒன்றாக வருவதற்கான வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்றே கொள்ளலாம்.

இனி வேலைக்கு வருவோம். 256 ஜிபி கார்டு ஒன்று, அதில் 230 ஜிபி நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா சோனி. கணினி விண்டோஸ். இலவசமாகக் கிடைக்கும் Git Bash நிறுவியிருந்தால் கீழே உள்ள கட்டளைகள் அப்படியே வேலை செய்யும். லினக்ஸிலும் இதே கட்டளைகள்தான், டிரைவ் பாதை மட்டும் மாறும். கார்டு E டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் F டிரைவ். C டிரைவில் list என்று ஒரு ஃபோல்டரை முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை காப்பி அல்ல, கணக்கு. கார்டு இன்னும் கை படாமல் இருக்கும்போதே அதன் பட்டியலை எடுக்க வேண்டும். கார்டைச் செருகும் முன் அதன் பக்கவாட்டில் உள்ள பூட்டை நகர்த்திவிட்டால் தவறுதலாக எதுவும் எழுதப்படாது.

```
cd /e
find DCIM PRIVATE -type f -print0 | xargs -0 sha256sum > /c/list/cam1.txt
wc -l /c/list/cam1.txt
```

இரண்டாம் வரியில் DCIM, PRIVATE என்று இரண்டு ஃபோல்டர்களையும் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். புகைப்படம் DCIM-ல் இருக்கும். சோனி கேமராக்களின் வீடியோ பெரும்பாலும் PRIVATE ஃபோல்டருக்குள் M4ROOT, அதற்குள் CLIP என்று ஆழத்தில் இருக்கும். படம் DCIM-ல்தானே என்று அதை மட்டும் ஏற்றிவிட்டு, வீடியோ முழுவதையும் இழப்பது நடக்கக்கூடியது. செக்சம் இதில் உதவாது. பட்டியலில் இல்லாத கோப்பைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது, இருப்பவை எல்லாம் சரி என்றுதான் சொல்லும். அதற்காகத்தான் மூன்றாம் வரி. அது பட்டியலில் எத்தனை வரிகள் என்று எண்ணிச் சொல்லும். விண்டோஸில் அந்த இரண்டு ஃபோல்டர்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Properties பார்த்தால் வரும் கோப்புகளின் எண்ணிக்கையும் அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

பட்டியலைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அதில் `e3b0c44298fc` என்று தொடங்கும் வரி தென்பட்டால் நின்று கவனிக்க வேண்டும். உள்ளே ஒன்றுமே இல்லாத, பூஜ்ய அளவுள்ள கோப்புக்கு ஷா-256 எப்போதும் தரும் விடை அது. படப்பிடிப்பின்போதே அந்தக் கோப்பு பதிவாகாமல் போயிருக்கிறது என்று பொருள். கார்டு கையில் இருக்கும்போதே தெரிந்தால், மற்ற கேமராவில் அந்தக் காட்சி இருக்கிறதா என்று அன்றிரவே பார்க்கலாம்.

அடுத்தது வழக்கமான காப்பி. DCIM, PRIVATE இரண்டையும் F டிரைவில் அந்தக் கல்யாணத்துக்கான ஃபோல்டருக்குள் cam1 என்ற பெயரில் இழுத்துப் போடுங்கள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

சறுக்குகிற இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. காப்பி முடிந்த கையோடு சரிபார்க்கத் தொடங்கிவிடக் கூடாது. கணினி தான் அண்மையில் எழுதியவற்றின் ஒரு பிரதியை ரேமில் வைத்திருக்கும். மறுபடி அதே கோப்பைக் கேட்டால் டிஸ்க்கைத் தொடாமல் ரேமில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிடும். அப்போது நாம் சரிபார்ப்பது டிஸ்க்கை அல்ல, நினைவில் இருக்கும் பிரதியை. டிஸ்க்கில் பிழையாக எழுதப்பட்டிருந்தாலும் எல்லாம் சரி என்று வரும். சோதனை சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று பார்த்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 110 எம்பி அளவில்தான் படிக்கும். 10 ஜிபி கோப்புகளைச் சரிபார்க்க ஒன்றரை நிமிடமாவது ஆக வேண்டும். பத்து நொடியில் முடிந்தால் டிஸ்க் படிக்கப்படவே இல்லை.

ஆகவே Safely Remove கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, அதன் சுழற்சி நின்ற பிறகு மறுபடி செருகுங்கள். முடிந்தால் வேறு கேபிளில், வேறு போர்ட்டில். பிறகு:

```
cd /f/kalyanam/cam1
sha256sum -c --quiet /c/list/cam1.txt
```

எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தவறுதலாகக் கார்டிலேயே நின்று இதே கட்டளையைக் கொடுத்தால், கார்டு கார்டோடு ஒத்துப்போகும். அது எதையும் நிரூபிக்காது.

எல்லாம் சரியாக இருந்தால் திரையில் ஒன்றும் வராது. பிழை இருந்தால் இப்படி வரும்:

```
DCIM/100MSDCF/DSC04417.ARW: FAILED
sha256sum: WARNING: 1 computed checksum did NOT match
```

FAILED வந்ததும் பதற்றத்தில் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி காப்பி போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தவறு எங்கே நடந்தது என்ற தடயமும் போய்விடும். அதே தவறு மறுபடி வேறு கோப்பில் விழவும் கூடும். முதலில் எந்தப் பக்கம் பிழை என்று பார்க்க வேண்டும். கார்டையும் டிஸ்க்கையும் கழற்றிச் செருகி, அந்த ஒரு கோப்புக்கு மட்டும் இரண்டு பக்கமும் மறுபடி செக்சம் எடுங்கள். கார்டில் பட்டியலில் உள்ள அதே விடை வந்து, டிஸ்க்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே தவறான விடை வந்தால், எழுதப்பட்ட பிரதிதான் கெட்டது. மாறாக, ஒரே கோப்பைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை வந்தால், படிக்கும் வழியில் எங்கோ கோளாறு. ரேம், கேபிள், கார்டு ரீடர் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. அந்தக் கணினியில் வேலையை அப்போதே நிறுத்திவிட்டு வேறு கணினிக்குப் போவதுதான் சரி. அங்கே முன்பு "சரி" என்று வந்த முடிவுகளையும் இனி நம்ப முடியாது.

கெட்ட பிரதி எப்படிக் கெட்டது என்பதை இன்னும் நெருங்கிப் பார்க்க cmp என்ற கட்டளை இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டு வேறுபடும் இடங்களைச் சொல்லும்.

```
cmp -l /e/DCIM/100MSDCF/DSC04417.ARW DCIM/100MSDCF/DSC04417.ARW
18350092 101 141
```

இங்கே வேறுபடுவது ஒரே ஒரு பைட். அந்த எண்கள் எட்டின் அடிமானத்தில் எழுதப்பட்டவை. நம் வழக்கில் சொன்னால் 65 இருக்க வேண்டிய இடத்தில் 97 இருக்கிறது. வித்தியாசம் 32, அதாவது ஒரே ஒரு பிட். இப்படித் தனியாக ஒரு பிட் புரண்டிருந்தால் முதலில் ரேமைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு இரவு முழுவதும் ரேம் சோதனை நிரல் ஒன்றை ஓடவிட்டுப் பார்ப்பது பலன் தரும். அப்படியல்லாமல் ஆயிரக்கணக்கான பைட்டுகள் தொடர்ச்சியாக மாறியிருந்தாலோ பூஜ்யமாகியிருந்தாலோ, டிஸ்க் பக்கம் கோளாறு இருக்கலாம். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் 2007-ல் தன் 3,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகளை எழுதித் திரும்பப் படித்துச் சோதித்தபோது இரண்டு வகையும் கிடைத்தன. ஐந்து வாரத்தில் சுமார் 500 பிழைகள். அவற்றில் பெரும்பகுதி 64 கிலோபைட் அளவில் திட்டுத் திட்டாக வந்தவை. டிஸ்க்குக்கும் அதைக் கட்டுப்படுத்தும் கருவிக்கும் இடையே இருந்த ஒரு ஒவ்வாமைதான் அதற்குக் காரணம் என்று அந்த வடிவத்தைப் பின்தொடர்ந்துதான் கண்டுபிடித்தார்கள்.

எத்தனை நேரம் ஆகும் என்பது நியாயமான கேள்வி. கார்டு ரீடர் நொடிக்கு 90 எம்பி படித்தால் 230 ஜிபி கார்டுக்குப் பட்டியல் எடுக்க முக்கால் மணி நேரம், காப்பிக்கு இன்னொரு முக்கால் மணி, டிஸ்க்கிலிருந்து சரிபார்க்க முப்பத்தைந்து நிமிடம். கார்டு ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்தை நெருங்கும். இரவு பதினொரு மணிக்கு இது பெரிய நேரம்தான். சினிமா படப்பிடிப்புகளில் இதற்கென்றே ஒருவரை அமர்த்துகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் கார்டை ஒருமுறை படிக்கும்போதே கணக்கையும் எடுத்து, இரண்டு மூன்று டிஸ்க்குகளில் ஒரே வேளையில் எழுதிவிடும். கணக்குக்கும் ஷா-256-ஐ விட வேகமான எக்ஸ்எக்ஸ்ஹாஷ் போன்ற முறைகளை எடுத்துக்கொள்கிறார்கள். தற்செயலான பிழையைப் பிடிக்க அது போதும். விண்டோஸில் டெராகாப்பி போன்ற நிரல்களிலும் காப்பிக்குப் பின் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்துக்கொண்டால் கட்டளை எதுவும் தட்ட வேண்டியதில்லை. சின்ன ஸ்டுடியோவுக்கு என் யோசனை வேறு: இரண்டு செட் கார்டுகள் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டின் விலை ஒரு கல்யாணத்தின் கட்டணத்தில் சிறு பகுதி. மாற்று கார்டு கையில் இருந்தால் நாலு மணி முகூர்த்தத்துக்கு அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டியிருக்காது. சரிபார்ப்பை மறுநாள் பகலில் நிதானமாக ஓடவிடலாம்.

பென்டிரைவிலும் மலிவு விலை மெமரி கார்டிலும் ஏற்றுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உள்ளே 32 ஜிபி மட்டும் இருக்க, 512 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் போலிச் சரக்கு சந்தையில் இருக்கிறது. கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், காப்பி பிழையின்றி முடியும், கோப்புகளின் பெயரும் அளவும் சரியாகத் தெரியும். உள்ளே இடம் இல்லாததால் பின்னால் வந்தவை எங்கும் பதிவாகியிருக்காது, அல்லது முன்னால் வந்தவற்றின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். கழற்றிச் செருகிய பின் எடுக்கும் செக்சத்தில் இது ஒரே ஒரு FAILED ஆக வராது, நூற்றுக்கணக்கில் கொட்டும்.

எல்லாம் ஒத்துப்போன பிறகும் கார்டை அழிக்கும் முன் இரண்டு விஷயங்கள் பாக்கி. பிரதி மூலத்தைப் போலவே இருக்கிறது என்பதற்கு மட்டுமே செக்சம் சாட்சி. கேமராவிலேயே தவறாகப் பதிவான காட்சியை அது அப்படியே, ஒரு பிட் குறையாமல், சரி என்று ஒப்புக்கொள்ளும். ஆகவே தாலி கட்டும் நேரம், மாலை மாற்றும் நேரம் என்று முக்கியமான சில கோப்புகளையாவது புதிய டிஸ்க்கிலிருந்து திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். இன்னொன்று, சரிபார்த்த டிஸ்க் நாளையே கைதவறிக் கீழே விழலாம். இரண்டாவது டிஸ்க்கிலும் ஏற்றி, அதையும் கார்டிலிருந்து எடுத்த அதே cam1.txt பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே கார்டு காலியாக வேண்டும். முதல் டிஸ்க்கிலிருந்து புதிதாகப் பட்டியல் எடுத்து இரண்டாவதைச் சோதிக்காதீர்கள். முதலாவதில் பிழை இருந்தால் அதுவே அளவுகோலாகிவிடும்.

அந்தப் பட்டியல் சில நூறு கிலோபைட் அளவுள்ள வெறும் எழுத்துக் கோப்பு. மின்னஞ்சலிலேயே அனுப்பி வைத்துக்கொள்ளலாம். இரண்டு டிஸ்க்கிலும் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைச் செருகி அதே கட்டளையை ஓடவிட்டால், அலமாரியில் கிடந்த காலத்தில் ஏதாவது கெட்டுப்போனதா என்பதும் தெரியும். ஒன்றில் கெட்டிருந்தால் மற்றதிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்துச் சரிசெய்யலாம்.

கல்யாணம் முடிந்து ஸ்டுடியோவில் பென்டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படங்களோடு அந்தச் செக்சம் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் கணினியில் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்டுடியோவில் மூலம் அழிக்கப்படுவதற்குள் நீங்கள் பார்த்துவிட்டால், கெட்டுப்போன கோப்பு எதுவானாலும் புதிதாக வாங்கிக்கொள்ள முடியும்.